சொற்களை வகைப்படுத்தும் பயிற்சித்தாள்: கொல்லிமலைப் பத்தி ஒன்றை முன்வைத்து

பெயர், வினை, பெயரடை, இடைச்சொல் என்னும் நான்கு கட்டங்களை வரைந்து, கீழே இருபது சொற்களைச் சிதறவிட்டு, உரிய கட்டத்தில் நிரப்புமாறு கேட்கும் பயிற்சித்தாள் தமிழ் வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. அத்தகைய தாளின் பெருங்குறை, சொற்களை வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தருவதாகும். ‘காய்’ என்று தனியே எழுதப்பட்ட சொல் மரத்தில் தொங்குவதா, வெயிலில் உலர்வதா என்பதை வாக்கியம் சொன்னாலன்றி யாராலும் சொல்ல இயலாது. ஆகவே மாணவர் ஊகித்து ஒரு கட்டத்தில் இடுகிறார், ஆசிரியர் தம் மனத்தில் இருக்கும் பொருளைக்கொண்டு சரி என்றோ தவறு என்றோ குறிக்கிறார். இக்குறையை நீக்கும் வகையில், முதலில் ஒரு பத்தியைத் தந்து, அதிலுள்ள சொல்லை அந்த இடத்தில் அது நிற்கும் நிலையிலேயே வகைப்படுத்தவும், வகைப்படுத்தியதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதவும் கேட்கும் பயிற்சித்தாளை அமைக்கும் முறை இவ்வியலில் விளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டுப் பத்தி நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பற்றியது. அங்குள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அதில் வரும் ஒவ்வொரு பொருளும் கண்ணால் கண்டதாக இருக்கும் என்பதால், பொருள் விளங்காத தடை இன்றி இலக்கணத்தில் மட்டும் கருத்தைச் செலுத்த முடியும். பத்தி வருமாறு:

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது வளைவுகள் உள்ளன. பழைய வயல்களில் சாமை விளைகிறது. களத்தில் மிளகு காயும், பலா மரத்தில் காயும் பழமும் தொங்கும். சோளக்காட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் நல்ல மிளகைத்தான் வாங்குவார்கள். ஆகாயகங்கை பெரிய அருவி. மழைக்காலத்தில் அதில் குளித்தல் ஆபத்து.

கட்டங்களின் பெயரை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. தொல்காப்பியம் சொல் என்பது பெயரும் வினையும் ஆகிய இரண்டே என்று கூறி, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவ்விரண்டைச் சார்ந்து வருவன என்று வைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் பெயர், வினை, இடை, உரி என்னும் நான்கையே கொள்கிறது. பெயரடை என்னும் வகை இந்நான்கில் இல்லை. பெயருக்கு முன் நின்று அதன் தன்மையைச் சொல்லும் ‘நல்ல’, ‘பெரிய’ போன்ற சொற்களைத் தனி வகையாகக் கொள்வது தற்கால இலக்கணத்தின் வழக்கம். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இவ்வகையைத் தன் சொல்வகைக் குறியீடுகளில் ஒன்றாகப் பயன்படுத்துகிறது, எம். ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ அதனைத் தனியே விளக்குகிறது. பல பயிற்சித்தாள்களில் மூன்றாம் கட்டத்துக்கு ‘உரிச்சொல்’ என்று பெயரிட்டு, அதில் ‘நல்ல’, ‘அழகான’ ஆகியவற்றை நிரப்பச் சொல்வது காணப்படுகிறது. அது பிழை. உரிச்சொல் என்பது சால, உறு, தவ, நனி, கூர், கழி என்பன போலப் பெரும்பாலும் செய்யுளில் வழங்கி, பெயரை மட்டுமன்றி வினையையும் தழுவி வரும் சொல்; இன்றைய உரைநடையில் எஞ்சியிருக்கும் ‘சாலச் சிறந்தது’ என்னும் தொடரில்கூடச் ‘சால’ என்பது சிறத்தல் என்னும் வினையைத்தான் தழுவி நிற்கிறது. எனவே தற்கால உரைநடைப் பத்தியைக் கொண்டு செய்யும் பயிற்சியில் ‘பெயரடை’ என்றே கட்டத்துக்குத் தலைப்பிடுவது நேர்மையானது. செய்யுளைக் கொண்டு செய்யும்போது உரிச்சொல்லுக்குத் தனிக் கட்டம் வைத்துக்கொள்ளலாம்.

வகைப்படுத்தும் வேலை, சொற்களைப் பிரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் இடைச்சொல் பெரும்பாலும் தனித்து எழுதப்படுவதில்லை. பெயரோடும் வினையோடும் ஒட்டியே வருகிறது. வேற்றுமை உருபு, காலங்காட்டும் உறுப்பு, வினையின் ஈறு, சாரியை, உவம உருபு முதலியவற்றை எல்லாம் நன்னூல் இடைச்சொல்லின் எட்டு வகைகளுள் அடக்குகிறது. இவை அனைத்தையும் பள்ளி மாணவரிடம் பிரித்தெடுக்கச் சொன்னால் ஒரு வாக்கியத்திலேயே வகுப்பு நேரம் முடிந்துவிடும் என்பதால், இப்பயிற்சியில் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளப்படுகிறது: பெயரின் மேல் ஏறும் வேற்றுமை உருபும், ‘உம்’, ‘தான்’, ‘ஏ’, ‘ஓ’ போலச் சொல்லின் இறுதியில் ஒட்டும் கூறுகளும் மட்டுமே பிரிக்கப்படும், வினைக்குள் இருக்கும் காலங்காட்டும் உறுப்பும் ஈறும் அவ்வினையோடு சேர்த்தே கொள்ளப்படும். இவ்வெல்லையைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது, இல்லையேல் இலக்கணம் நன்கறிந்த மாணவரே ‘விளைகிறது’ என்பதை மூன்று துண்டாக்கி, மூன்றாவது துண்டுக்குக் கட்டம் தேடித் தடுமாறுவார். இந்த எல்லைக்குள் ‘மிளகைத்தான்’ என்பது மிளகு, ஐ, தான் என்று மூன்றாகவும், ‘பழமும்’ என்பது பழம், உம் என்று இரண்டாகவும் பிரியும். ‘காரவள்ளியிலிருந்து’ என்பதில் காரவள்ளி என்னும் ஊர்ப்பெயர் தனியே நிற்க, ‘இலிருந்து’ முழுவதும் நீங்கற்பொருள் காட்டும் ஒரே உருபாகக் கொள்ளப்படும். அதிலுள்ள ‘இருந்து’ உட்கார்ந்ததையோ தங்கியதையோ இங்கே குறிக்கவில்லை.

பிரித்தபின் ஒவ்வொரு சொல்லையும் மூன்று சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும். அவற்றின் வரிசை மாறக்கூடாது. முதல் சோதனை: இந்த வாக்கியத்தில் நிற்கும் அதே பொருளில் இச்சொல் வேற்றுமை உருபை ஏற்குமா? ஏற்குமானால் பெயர். இரண்டாவது: ஏற்காவிட்டால், அது காலத்தைக் காட்டுகிறதா, அல்லது எழுவாய்க்கு ஏற்ப ஈறு மாறுகிறதா? ஆம் எனில் வினை. மூன்றாவது: இவ்விரண்டும் இல்லாமல், பெயருக்கு முன்னே நின்று, ‘மிக’ என்னும் சொல்லைத் தனக்கு முன் ஏற்கிறதா? ஏற்பின் பெயரடை. பிரிக்கும்போது ஒட்டுக்கூறாகத் தனியே எடுக்கப்பட்டவை இடைச்சொல் கட்டத்துக்குச் செல்லும். பெயர் காலம் காட்டாது என்பதும், வினை வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்பதும் தொல்காப்பியர் காலத்திலிருந்தே வரும் வரையறைகள். மேற்கண்ட சோதனைகள் அவற்றை வகுப்பறைக்கு ஏற்றவாறு வினாக்களாக மாற்றியவையே.

எளியவற்றை விரைந்து முடிக்கலாம். சாலை, வயல், சாமை, மிளகு, சந்தை, அருவி ஆகியவை பெயர் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. எனினும் ‘மிளகு காயும்’ என்ற இடத்தில் மிளகின்மேல் உருபு எதுவும் வெளிப்படவில்லையே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை. அதனால்தான் சோதனை ‘ஏற்றிருக்கிறதா’ என்று கேளாமல் ‘ஏற்குமா’ என்று கேட்கிறது. மிளகை, மிளகுக்கு, மிளகால் என்று உருபேற்றிப் பார்த்தால் போதும். ‘அதில்’ என்பதிலுள்ள ‘அது’ ஆகாயகங்கைக்குப் பதிலாக நிற்கும் சுட்டுப்பெயர். ‘எழுபது’ என்பது வளைவுகளுக்கு முன்னே நிற்பதால் பெயரடை போலத் தோன்றும். ஆனால் ‘எழுபதைக் கடந்தாயிற்று’ என்று உருபேற்பதாலும், ‘மிக எழுபது’ என்று சொல்ல இயலாமையாலும் அது எண்ணுப்பெயரே. சோளக்காடு என்னும் ஊர்ப்பெயர் ‘சோளக்காட்டு’ என்று திரிந்து சந்தைக்கு முன் நிற்பதும் இவ்வாறே. இடத்தால் அடைபோல நின்றாலும் வகையால் அது பெயர். முன்னே நிற்பதெல்லாம் பெயரடை என்று மாணவர் கொள்ளும் தவறு இந்த இரு சொற்களில்தான் முதலில் வெளிப்படும்.

இப்பத்தியின் உயிர்நிலை மூன்றாம் வாக்கியத்தில் இருக்கிறது. ‘களத்தில் மிளகு காயும், பலா மரத்தில் காயும் பழமும் தொங்கும்’ என்பதில் ‘காயும்’ இருமுறை வருகிறது, எழுத்தில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை. முதல் ‘காயும்’ என்பதை ‘மிளகு காய்ந்தது’, ‘மிளகு காய்கிறது’ என்று காலம் மாற்றிச் சொல்ல முடிகிறது. ‘காயுமை’ என்று உருபேற்ற முடியவில்லை. எனவே அது வினை. அதன் இறுதியிலுள்ள ‘உம்’ செய்யும் என்னும் வாய்பாட்டில் வரும் வினை ஈறு, அதைப் பிரித்தெடுத்தால் ‘மிளகு காய்’ என்று பொருளற்ற எச்சமே மிஞ்சும். இரண்டாவது ‘காயும்’ என்பதைக் காலம் மாற்றினால் வாக்கியம் குலைந்துபோகும். ஆனால் ‘காய்களும் பழங்களும் தொங்கும்’ என்று பன்மையாக்கலாம், ‘உம்’மை நீக்கிக் ‘காய், பழம்’ என்று சொன்னாலும் சொல் முழுமையாகவே நிற்கும், ‘காயைப் பறித்தான்’ என்று உருபும் ஏற்கும். ஆகவே அங்கே காய் பெயர், ‘உம்’ எண்ணுப்பொருளில் வந்த இடைச்சொல். ‘வெயிலில் காயும் மிளகு’ என்று மூன்றாவதாக ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதிக்காட்டினால், அதே வடிவம் மிளகு என்னும் பெயரைத் தழுவும் பெயரெச்சமாகவும் வருவதைக் காணலாம், அதுவும் வினைதான். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியிலிருந்து பறித்த மிளகு களத்தில் உலர்வதையும் பலாமரத்தடியையும் அன்றாடம் காணும் மலைப்பிள்ளைக்கு இவற்றின் பொருள் வேறுபாடு முன்பே தெரியும். அவருக்குத் தேவைப்படுவது அந்த வேறுபாட்டை உருபாலும் காலத்தாலும் நிறுவிக் காட்டும் வழி மட்டுமே.

முதல் வாக்கியத்து ‘ஏறும்’ என்பதும் இத்தகைய பெயரெச்சமே. பெயரெச்சம் என்பது முற்றுப்பெறாமல், ஒரு பெயரைக்கொண்டு முடியும் வினை. ‘எப்படிப்பட்ட சாலை?’ என்று கேட்டால் ‘ஏறும் சாலை’ என்று விடை வருவதால் மாணவர் பெரும்பாலோர் இதைப் பெயரடைக் கட்டத்தில் இடுவர். எப்படிப்பட்ட என்னும் கேள்வி பொருளைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு இங்கே முடிவு செய்ய முடியாது. ஏறிய சாலை, ஏறுகிற சாலை, ஏறும் சாலை என்று காலம் மாறுகிறது. ‘கொல்லிமலைக்கு’ என்னும் சொல்லும் ‘எங்கே ஏறும்?’ என்பதற்கு விடையாக இந்த வினையைச் சார்ந்தே நிற்கிறது. ‘பழைய’ என்பதற்கு இத்தகைய கால வேறுபாடு இல்லை. மிகப் பழைய வயல் என்று சொல்ல முடிகிறது. பழைய, நல்ல, பெரிய மூன்றும் இவ்வாறே பெயரடைக் கட்டத்தில் நிற்கும்.

மரபிலக்கணம் கற்ற ஆசிரியர் இங்கே தடை எழுப்பினால் அது நியாயமான தடையே. பெரியன், பெரியள், பெரிது என்று ஈறு மாறி வரும் குறிப்பு வினையின் எச்சமாகவே ‘பெரிய’ என்பதை மரபு கொண்டு, குறிப்புப் பெயரெச்சம் என்று அதற்குப் பெயரிட்டது. காலம் வெளிப்படையாகத் தோன்றாமல் குறிப்பால் உணரப்படும் என்பது அதன் விளக்கம். அக்கணக்கில் ‘பெரிய’ என்பது வினைக் கட்டத்துக்கு உரியது. இரு முறைகளும் தம்மளவில் ஒழுங்குடையவை. ஒரே தாளில் இரண்டையும் கலப்பதுதான் குழப்பத்தை விளைவிக்கும். பெயரடைக்குக் கட்டம் இருக்கும் தாளில் ‘பெரிய’ பெயரடை. மரபு நான்கையே கட்டங்களாகக் கொண்ட தாளில் அதே சொல் வினை. தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் ஆசிரியர், பாடநூல் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதைப் பார்த்து, தாளின் விடைக்குறிப்பிலும் அதையே எழுத வேண்டும்.

‘உள்ளன’ என்னும் சொல்லில் இந்தக் குறிப்பு வினை வேறு வழியாக வந்து நிற்கிறது. அதில் காலங்காட்டும் உறுப்பு இல்லை. ஆயினும் வளைவு உள்ளது, வளைவுகள் உள்ளன என்று எழுவாயின் எண்ணுக்கு ஏற்ப ஈறு மாறுகிறது. இரண்டாம் சோதனையில் ‘அல்லது ஈறு மாறுகிறதா’ என்னும் பகுதி சேர்க்கப்பட்டது இத்தகைய சொற்களுக்காகவே. காலத்தை மட்டும் கேட்டிருந்தால் ‘உள்ளன’ எந்தக் கட்டத்துக்கும் உரியதாகாமல் வெளியே நின்றிருக்கும்.

சோதனைகளின் வரிசை ஏன் மாறக்கூடாது என்பதை நான்காம் வாக்கியத்து ‘வந்தவர்கள்’ காட்டுகிறது. அதில் இறந்தகாலம் தெளிவாகத் தெரிகிறது. வருகிறவர்கள், வருபவர்கள் என்று காலம் மாறவும் செய்கிறது. காலச் சோதனையை முதலில் வைத்தவர் இதை வினை என்று முடித்துவிடுவார். ஆனால் வந்தவர்களை, வந்தவர்களுக்கு என்று அது உருபேற்கிறது, வாக்கியத்தில் ‘வாங்குவார்கள்’ என்பதற்கு எழுவாயாகவும் நிற்கிறது. வருதல் என்னும் தொழிலைக் குறிக்காமல் அத்தொழிலைச் செய்த ஆட்களைக் குறிப்பதால் இதற்கு வினையாலணையும் பெயர் என்று பெயர். இவ்வகைப் பெயர் காலமும் காட்டும் என்பதால், வேற்றுமைச் சோதனையை முன்னே வைத்துவிட்டால் இச்சிக்கல் எழாது. ‘குளித்தல்’ இதற்கு நேர்மாறானது: தொழிலையே குறிக்கிறது, ஆனால் காலம் காட்டுவதில்லை, குளித்தலை, குளித்தலால் என்று உருபேற்கிறது, எனவே தொழிற்பெயர். வளை என்னும் வினையிலிருந்து பிறந்து ‘கள்’ ஏற்று நிற்கும் ‘வளைவுகள்’ என்பதும் இதன் உறவினமே. செயலைக் குறிப்பது வினை என்னும் வரையறையை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் இந்த மூன்று சொற்களிலும் வழுக்கி விழுவது உறுதி.

கடைசி வாக்கியத்து ‘ஆபத்து’ சிறு பொறி. வாக்கியத்தின் முடிவில் நிற்பதால் அதை வினை என்று எழுதுவோர் உண்டு. தமிழில் பயனிலை பெயராகவும் இருக்கலாம்; ‘ஆகாயகங்கை பெரிய அருவி’ என்பதிலும் அருவி என்னும் பெயரே பயனிலை. ஆபத்தை, ஆபத்துக்கு என்று உருபேற்பதால் அது பெயர். ‘தான்’ என்பதற்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: ‘மிளகைத்தான்’ என்பதில் அது மற்றவற்றை விலக்கித் தேற்றப்பொருள் தரும் இடைச்சொல், ‘தான் விளைத்த மிளகு’ என்பதில் தன்னை, தனக்கு என்று உருபேற்கும் பெயர்.

நான்காம் வாக்கியத்துக்கு மாணவர் எழுத வேண்டிய விடை பின்வருமாறு அமையும்:

சோளக்காட்டு – பெயர். சோளக்காட்டை என்று உருபேற்கும்.
சந்தை – பெயர். இவ்வாக்கியத்திலேயே ‘கு’ உருபை ஏற்றுள்ளது.
கு – இடைச்சொல். தனித்து நில்லாமல் சந்தையைச் சார்ந்தது.
வந்தவர்கள் – பெயர். காலம் காட்டினும் வந்தவர்களை என்று உருபேற்கும்.
நல்ல – பெயரடை. உருபேற்காது, காலம் மாறாது, மிக நல்ல என்று வரும்.
மிளகு – பெயர். ‘ஐ’ உருபை ஏற்றுள்ளது.
ஐ, தான் – இடைச்சொற்கள். முன்னது வேற்றுமை, பின்னது தேற்றம்.
வாங்குவார்கள் – வினை. வாங்கினார்கள், வாங்குகிறார்கள் என்று காலம் மாறும், உருபேற்காது.

மதிப்பெண் இடும்போது கட்டத்துக்கு ஒன்றும் காரணத்துக்கு இரண்டும் தருவது பொருத்தம். கட்டம் சரியாக இருந்து, காரணப் பகுதியில் ‘பொருளைக் குறிப்பதால்’, ‘செயலைக் குறிப்பதால்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் மாணவர் சோதனையைச் செய்யவில்லை, ஊகித்திருக்கிறார் என்று அறியலாம். அவருக்குக் ‘குளித்தல்’, ‘ஏறும்’, ‘வந்தவர்கள்’ ஆகிய மூன்றையும் மீண்டும் தர வேண்டும். கட்டம் தவறாக இருந்து காரணத்தில் உருபேற்றிக் காட்ட முயன்றிருந்தால் அவர் வழி அறிந்தவர், ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார்; அதற்கு முழு மதிப்பெண்ணையும் மறுப்பது தகாது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ‘சிறந்த’ என்னும் சொல் ‘மிகச் சிறந்த மிளகு’ என்று பெயரடை போல ‘மிக’ என்பதை ஏற்கிறது. அதே வேளையில் சிறத்தல் என்னும் வினையின் இறந்தகாலப் பெயரெச்சமாகவும் வடிவால் இருக்கிறது. வழக்கில் அதன் காலப்பொருள் மங்கிவிட்டது, ஆனால் சோதனை வரிசைப்படி அது வினைக் கட்டத்துக்கே செல்லும். ‘அழகான’ என்பது அழகு என்னும் பெயரும் ஆகு என்னும் வினையின் எச்சமும் சேர்ந்து ஒரே அடையாக இறுகிப்போனது. அதனைப் பெயரடை என்று கொள்வதே வழக்குக்கு ஒத்தது. ‘வல்வில் ஓரி’ என்னும் பெயரிலுள்ள ‘வல்’ வன்மை என்னும் பண்பைக் குறித்தாலும் வில்லோடு சேர்ந்து பண்புத்தொகையாகி, ஒரு வள்ளலின் அடைமொழியாக நிலைபெற்றுவிட்டது. அதை உடைக்காமல் முழுவதையும் பெயர் என்று கொள்ள வேண்டும். முதல் சில தாள்களில் இத்தகைய சொற்களைத் தவிர்த்துவிட்டு, சோதனைகள் கைவந்தபின் இவற்றை மட்டும் தனித் தாளாகக் கொடுத்து வகுப்பில் வாதாடவிடுவது பயன் தரும்.

ஆசிரியர்கள் தத்தம் ஊரைப் பற்றிப் பத்தி எழுதும்போது, ‘காயும்’ போல ஒரே வடிவம் இரு வகையில் வரும் சொல் ஒன்றையாவது அதில் அமைக்க வேண்டும். அது இல்லாத தாள் ஊகத்துக்கே மதிப்பெண் வழங்கும். பயிற்சிக்கு மற்றொரு வாக்கியம் இங்கே தரப்படுகிறது: ‘கொல்லியை ஆண்டு புகழ்பெற்ற ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் விழா எடுக்கின்றனர்.’ இதில் முதல் ‘ஆண்டு’ ஆள் என்னும் வினையின் எச்சம், ‘கொல்லியை’ என்னும் செயப்படுபொருளைக் கொண்டு நிற்பது. இரண்டாவது ‘ஆண்டு’ காலப்பெயர், அதனோடு ஒட்டிய ‘தோறும்’ இடைச்சொல்.